மனைவி இல்லாத வீட்டில் முதல் ஆறு மாதம்

சேலையூரில் ஒரு பெரியவர். 71 வயது. மனைவி இறந்து ஒரு மாதம் ஆகிறது. காரியம் முடிந்ததும் மகன் வெளிநாட்டுக்கும் மகள் கோவைக்கும் கிளம்பிவிட்டார்கள். இது கதை. ஆனால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படிப்பட்ட ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

காலையில் காபி போட்டுக் குடிக்கிறார், சர்க்கரை மாத்திரையைப் போடுகிறார், டிபனைத் தள்ளிப்போடுகிறார். இத்தனை வருடம் எட்டு மணிக்கு இட்லியையும் மாத்திரையையும் சேர்த்து வைத்தது மனைவி. ஒரு நாள் பதினோரு மணிக்கு வாசலில் நின்றவருக்குச் சட்டை நனைய வியர்த்தது. சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் கை நடுங்கியது. எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்ததும், “அங்கிள், காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று மட்டும் கேட்டார்.

க்ளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு உள்ளே போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு ஆகியவை சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கியதன் அடையாளங்கள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர், பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

மனைவி போன துக்கத்தில் அவரும் போய்விட்டார் என்று ஊரில் சொல்வதற்குக் கணக்கும் உண்டு. 1969-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு, மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்தார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களை வைத்து எதிர்பார்த்ததைவிட இது 40 சதவீதம் அதிகம். இதய நோயே பெரிய காரணமாக இருந்தது.

எதிர்வீட்டுப் பெண் மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்துவிடவில்லை. குழம்பு மட்டும் ஒரு கிண்ணத்தில் வரும். சாதம் அவரே வைக்க வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், நான்கு விசில். முதல் நாள் குழைந்தது, அடுத்த வாரம் சரியாக வந்தது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி ஒன்று காபி டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பழைய சீட்டுகளோடு டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை அளவை அவர் மாற்றிக் கொடுத்தார். காலை எட்டரை வரை பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கினால் கதவைத் தட்டுவது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

அழுகையும் தூக்கக் குறைவும் துக்கத்தில் சேர்ந்தவை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குளியல், சாப்பாடு எதிலும் மனம் போகாமல், “நானும் போய்ச் சேர்ந்தா போதும்” என்ற பேச்சும் வந்தால் மருத்துவ உதவி தேவை. அரசின் இலவச மனநல உதவி எண் 14416.

கையெழுத்துக்கு முன்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே தகவல் தருவார்கள். வீட்டில் நடந்தால் குடும்பத்தார்தான் மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவியின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது வீட்டுச் செலவுக்கே ஆனாலும் தவறு. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து முறையாகக் கேட்டால், ஆவணங்கள் சரியாக இருக்கும்பட்சத்தில் 15 நாளில் தீர்த்துத் தர வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உரிமை வாரிசுகளுக்கு.

நம் பெரியவரின் வீடு மனைவி பெயரில் இருந்தது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு மூன்றில் ஒன்று. “அப்பா, உங்க பங்கையும் எழுதிக் கொடுத்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று மகன் விடுதலைப் பத்திரத்தோடு வந்தால்?

2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் சிக்கல். 2022-ல் ஒரு தாய் மகள்களுக்கு எழுதிய விடுதலைப் பத்திரம் தொடர்பான வழக்கில், அப்படியொரு நிபந்தனை காட்டப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்தை ஏற்கவில்லை. ஆகவே வாய் வார்த்தையை நம்பாமல், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அதைவிட நல்லது, முதல் ஆறு மாதம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது. வாரிசு உரிமை அதற்குள் எங்கும் போய்விடாது.

பிள்ளைகள் கைவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். தாம்பரத்திலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. தானே மனு செய்ய முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து மனு செய்யச் சொல்லலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரரே போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.