வெள்ளைப் பந்தின் வழி

ஸ்நூக்கர் 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கிலப் படை அலுவலரால் உருவாக்கப்பட்டது. அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்து மன்றத்தில் முறைப்படுத்தப்பட்டன. பதினைந்து சிவப்புப் பந்துகள், ஆறு வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து ஆகியவற்றைக் கொண்டு இவ்விளையாட்டு ஆடப்படுகிறது. ஆட்டக்காரர் கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்கலாம். ஒரு சிவப்பையும் ஒரு வண்ணப் பந்தையும் மாறி மாறிக் குழியில் வீழ்த்த வேண்டும். சிவப்புக்கு 1 புள்ளி. கறுப்புக்கு 7 புள்ளிகள். சிவப்புகள் தீரும்வரை, வீழ்ந்த வண்ணப் பந்து மீண்டும் தன் இடத்தில் வைக்கப்படும். தவறாது தொடர்ந்து சேர்க்கும் புள்ளிகளின் தொகுப்பே 'பிரேக்' எனப்படுகிறது.

பந்தை வீழ்த்துவது பாதி வேலையே. வெள்ளைப் பந்து எங்கே சென்று நிற்கிறது என்பதே அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. இதற்கு அடிப்படை ஓர் இயற்பியல் உண்மையாகும். சுழற்சியின்றி வழுக்கிச் செல்லும் வெள்ளைப் பந்து, சம எடையுள்ள மற்றொரு பந்தைச் சாய்வாக மோதினால், அப்பந்து செல்லும் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக விலகும். நேராக மோதினால் நின்றுவிடும்.

கறுப்புப் பந்தை எடுத்துக்கொள்வோம். அது மேல்விளிம்பிலிருந்து 324 மில்லிமீட்டர் தொலைவில், மேசை அகலத்தின் நடுவில் இருக்கும். சிவப்புகள் அதற்கு எதிர்ப்புறம் குவிந்திருக்கும். கறுப்பை வலது மேல்மூலைக் குழியில் வீழ்த்த வேண்டும் என்க. வெள்ளைப் பந்து கறுப்பின் இடப்புறம், அதே மட்டத்தில் நின்றால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு கிடைக்கும். அப்போது கறுப்பு குழிக்குச் செல்ல, வெள்ளைப் பந்து சிவப்புகளை நோக்கி மெல்ல நகரும். அடுத்த சிவப்பு கைக்கெட்டும்.

மாறாக, குழியையும் கறுப்பையும் இணைக்கும் நேர்கோட்டிலேயே வெள்ளைப் பந்து நின்றுவிட்டால், கறுப்பை வீழ்த்துவது எளிது. ஆனால் வெள்ளைப் பந்து பக்கவாட்டில் நகர வழியில்லை. அடியில் தாழ்வாகத் தட்டினால் வந்த வழியே பின்வாங்கும். மேற்புறம் தட்டினால் கறுப்பைத் தொடர்ந்து சென்று, தானும் குழியில் விழக்கூடும். அவ்வாறு விழுந்தால் எதிராளிக்கு 7 புள்ளிகள் கிடைக்கும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் நேர்கோட்டை நாடாமல், சிறு சாய்வையே விட்டுவைக்கிறார்.

தொலைவு கூடும்போது மற்றொரு இடர் எழுகிறது. நடுவில் அடிக்கப்பட்ட வெள்ளைப் பந்து, துணியின் உராய்வால் வழியிலேயே உருளத் தொடங்கிவிடும். உருளும் பந்து மோதிய பின்னும் முன்னோக்கி வளைந்து செல்லும். செங்குத்துத் திசையை விட்டு அது முன்னே விலகினால், மோதும்முன்பே உருண்டுவிட்டது என்று அறியலாம். அடுத்த முறை சற்றுத் தாழ்வாக அடிக்க வேண்டும்.

எனவே திட்டம் பின்னோக்கிச் செல்கிறது. அடுத்த சிவப்பு எது என முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்பக் கறுப்பின்மேல் வேண்டிய சாய்வு எது எனக் காண வேண்டும். அதன்பின்னரே இப்போதைய சிவப்பை அடிக்க வேண்டும்.