பெருநாள் மலிவு விற்பனைக்கு ஒரு செய்திக் கலண்டர்

நோன்பு இருபதைத் தாண்டியதும் புடவைக் கடைக்காரர்களான நாம் ஒரு வாரக் கழிவு போடுகிறோம். ஆனால் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுந்தகவலை அந்தந்த நேரத்தில் அவசர அவசரமாக எழுதுகிறோம். நான் இப்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அதையும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கியே எழுதுகிறேன்.

கடைசி நாளைப் 'பெருநாள் வரை' என்று போடக்கூடாது. 29ஆம் நோன்பு மாலை பிறை தென்பட்டால் மறுநாளே பெருநாள். அளவு திருத்தித் தைக்கவும் இரண்டு நாள் வேண்டும். ஆகவே நான் 27ஆம் நோன்போடு முடித்து விடுவேன். 21 வெள்ளியென்றால் 27 வியாழன்.

முன்னறிவிப்பு 19ஆம் நோன்பு, புதன் இரவு, தராவீஹ் முடிந்த பின். அஸருக்குப் பின் அனுப்பினால் கஞ்சி வேலையில் யாரும் பார்ப்பதில்லை. 'வெள்ளிக்கிழமை அபாயாவுக்குக் கழிவு' என்பது மட்டும் போதும், விலை வேண்டாம். இதை ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னால் வாங்க வந்தவரும் 'வெள்ளிக்கு வருகிறேன்' என்று திரும்பிப் போவார். அந்த வார வியாபாரம் படுத்துவிடும்.

ஆரம்பச் செய்தி வெள்ளி காலை 9 மணிக்கு. இதில் கழிவு எவ்வளவு, எந்தச் சாமானுக்கு, எந்த நாள் வரை என்று மூன்றும் இருக்க வேண்டும்.

நினைவூட்டல் திங்கள். ஆரம்பச் செய்தியையே மறுபடி அனுப்புவது வீண். புதிதாக ஒன்றைச் சொல்லுங்கள்: '54, 56 அளவு இன்னும் உண்டு.' ஏற்கனவே வாங்கியவர்களின் இலக்கங்களைப் பட்டியலில் வெட்டி விடுங்கள்.

கடைசிச் செய்தியில்தான் நான் ஒருமுறை பிழை விட்டேன். வியாழன் இரவை நினைத்து '27ஆம் இரவு வரை' என்று எழுதினேன். நமக்கு மஃரிபோடு நாள் மாறுகிறதல்லவா? வாடிக்கையாளர் அதைப் புதன் இரவு என்றே சரியாக விளங்கிக்கொண்டார்கள். வியாழன் கடை வெறிச்சோடியது. இப்போது கிழமையும் மணியும்தான் எழுதுகிறேன். புதன் இரவு 'நாளை' என்று ஒன்று, வியாழன் காலை 11 மணிக்கு இப்படி ஒன்று:

'இன்று கடைசி நாள். அபாயா 20% கழிவு இரவு 10 மணி வரை.'

தமிழ்க் குறுந்தகவல் ஒன்றில் 70 எழுத்துத்தான் கொள்ளும். கூடினால் இரண்டு செய்தியின் காசு. கால், கொம்பு, புள்ளி, இடைவெளி எல்லாம் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். மேலே உள்ளது 50. கடைப் பெயருக்கு இடைவெளியோடு 20 மிச்சம். வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு இல்லை, ஆனால் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பினால் உங்கள் இலக்கத்தைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

வியாழன் இரவு சரக்கு மிஞ்சினாலும் நான் நாளை நீட்டுவதில்லை. ஒருமுறை நீட்டினால் அடுத்த வருடம் 'கடைசி நாள்' என்ற செய்திக்கு ஒருவரும் அசையமாட்டார்கள். மிஞ்சியதை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்து வைக்கிறேன்.