முதல் கிளையன்ட் கேட்கும் கேள்வி: "இது உங்களால வந்ததா, ஏகாதசியால வந்ததா?"

பொன்மலையிலேர்ந்து நிறைய பேர் கேட்ட விஷயம் இது: சோஷியல் மீடியா வேலைக்கு முதல் கிளையன்ட் பிடிக்க கேஸ் ஸ்டடி எப்படி எழுதுறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடையும் எண்ணும் கற்பனைதான், தேதிகள் நிஜம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில ஒரு டிபன் கடை. அவங்களுக்கு நீங்க காசு வாங்காம நாலு வாரம் ரீல்ஸ் போடுறீங்க, 2025 டிசம்பர் 8-லேர்ந்து. அதுக்கு முந்தின நாலு வாரத்துல வாட்ஸ்அப்ல வந்த பார்ட்டி ஆர்டர் 16. நீங்க வேலை செஞ்ச நாலு வாரத்துல 24. உடனே "50% வளர்ச்சி"ன்னு போஸ்டர் அடிக்கத் தோணும்.

ஆனா அந்த டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி. அந்த ஒரு வாரத்துல மட்டும் 9 ஆர்டர். அதை எடுத்துட்டா மூணு வாரத்துக்கு 15, அதாவது வாரத்துக்கு 5. முன்னாடி வாரத்துக்கு 4. நாலு அஞ்சாச்சு, அவ்வளவுதான்! பகல் பத்து கூட்டம் பக்கத்து வாரத்துலயும் இருந்துச்சே, அதனால அந்த ஒண்ணும் உறுதியில்ல.

"சரி, போன வருஷத்தோட ஒப்பிடுறேன்"னு சொல்லலாம். அங்கயும் கவனம் வேணும். முந்தின ஏகாதசி 2025 ஜனவரி 10. ரெண்டுமே ஒரே வருஷத்துல வந்துடுச்சு. டிசம்பரை முந்தின டிசம்பரோட வச்சா, திருவிழா இருக்கிற மாசத்தை இல்லாத மாசத்தோட வைக்கிறீங்க. பொன்மலை துணிக்கடைன்னா ரயில்வே போனஸும் தீபாவளியும் இதே வேலையைச் செய்யும்.

அப்போ எதை வச்சு நிரூபிக்கிறது? ஆர்டர் கொடுக்கிறவங்ககிட்ட கடைக்காரரே "எப்படித் தெரிஞ்சுதுங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு நோட்டுல எழுதணும். அந்த 15-ல 6 பேர் இன்ஸ்டாகிராம்னு சொன்னா, அதுதான் உங்க ஆதாரம். லைக் எண்ணிக்கையைவிட இது கனமானது. இன்னொண்ணு, கணக்கை முதல்லயே புரொஃபஷனல் அக்கவுண்ட்டா மாத்திடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி போட்ட போஸ்ட்டுக்கு இன்சைட்ஸ் கிடைக்காது, அப்புறம் "முன்பு" எவ்வளவுன்னு காட்ட எண்ணே இருக்காது. காசு கொடுத்து பூஸ்ட் பண்ணின ரீச்சைத் தனியா எழுதுங்க.

கடைசியில எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"கட்டணம் வாங்காமல் செய்த மாதிரி வேலை. நான்கு வாரம், 12 ரீல்ஸ், பூஸ்ட் இல்லை. ஏகாதசி வாரம் நீங்கலாக வாட்ஸ்அப் ஆர்டர் வாரத்துக்கு 4-லிருந்து 5. அந்த 15 ஆர்டரில் 6 பேர் இன்ஸ்டாகிராமில் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற வாரங்களிலும் திருவிழாக் கூட்டம் இருந்ததால், பிப்ரவரி எண்ணைப் பார்த்த பிறகே இது நிலைக்குமா என்று சொல்ல முடியும்."

இதைப் போடுறதுக்கு முன்னாடி கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, அவர் "சரி"ன்னு எழுதினதை எடுத்து வச்சுக்குங்க. விற்பனைத் தொகையை அவர் வெளியே சொல்ல விரும்ப மாட்டார், ஆர்டர் எண்ணிக்கை போதும். அடுத்த கடைக்குப் போகும்போது, அண்ணாச்சி "50% இல்லையா தம்பி?"ன்னு கேட்டா, ஏகாதசி வாரக் கணக்கை எடுத்துக் காட்டுங்க. மார்கழிக் கூட்டம் எப்படின்னு அவருக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்.