புகார் எண் சொல்லியும் சாட்பாட் கைவிரிப்பது ஏன்?

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று போன வாரம் புகார் கொடுத்தீர்கள். 48213 என்று ஒரு எண்ணும் வந்தது, ஆள்தான் வரவில்லை. நிறுவனத்தின் சாட்பாட்டிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், "பழைய புகார்களை என்னால் பார்க்க இயலாது" என்கிறது. ஒரே கம்பெனிதானே என்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

கம்பெனி ஒன்றுதான், பதிவேடு வேறு. புகார்கள் தனியாக ஒரு மென்பொருளில் ஏறுகின்றன. கஸ்டமர் கேர் ஊழியர் தன் லாகினைப் போட்டு அதைத் திறந்து பார்க்கிறார். சாட்பாட்டுக்கு அந்த லாகின் இல்லை. நிறுவனம் முன்கூட்டியே கொடுத்த குறிப்புகளும், இந்த உரையாடலில் நீங்கள் எழுதியதும்தான் அதன் கண்ணில் படும். அதற்குள் இருந்து பதில் எழுதும் மொழி மாதிரிக்குச் சொந்தமாக நினைவு என்று ஒன்று கிடையாது. நீங்கள் ஒவ்வொரு வரி அனுப்பும்போதும், அதுவரை பேசியதெல்லாம் சேர்ந்தே அதற்கு மறுபடி போகிறது. புதிதாக உரையாடலைத் தொடங்கினால் அதற்கு நீங்கள் புது ஆள்.

இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன? இணைக்கலாம், சில நிறுவனங்கள் இணைத்தும் இருக்கின்றன. சிக்கல், கேட்பவர் யார் என்பதில் இருக்கிறது. லாகின் செய்யாமல் பேசுகிறவர் யாராகவும் இருக்கலாம். புகார் எண்களோ பெரும்பாலும் வரிசையாகவே வரும். எண்ணைச் சொன்னாலே விவரம் கிடைக்கும் என்றால், 48214 என்று அடித்துப் பார்க்கிறவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், முகவரி, போன் நம்பர், அவர் வீட்டில் இருக்கும் நேரம் எல்லாம் கிடைத்துவிடும். அதனால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையையும் சாட்பாட்டின் பொறுப்பில் விடக் கூடாது, தனி நிரல்தான் செய்ய வேண்டும். "நான் அவர் மகன், அவசரம்" என்று நயமாகப் பேசினால் சாட்பாட் இளகிவிடக்கூடும். இவ்வளவையும் செய்யாத நிறுவனம் கதவை மூடி வைப்பதே சரி.

பார்க்க முடியாது என்று சொல்லும் சாட்பாட்டை நம்பலாம். பார்க்காமலே "உங்கள் புகார் நாளை தீர்ந்துவிடும்" என்பதுதான் ஆபத்தானது. சந்தேகம் வந்தால், விவரம் எதுவும் சொல்லாமல், "எந்தத் தேதியில் என்ன புகார் கொடுத்தேன்?" என்று கேளுங்கள். பதிவைப் பார்க்கும் சாட்பாட் சரியாகச் சொல்லும். மற்றது மழுப்பும், அல்லது இட்டுக்கட்டும். இப்படிப்பட்ட தவறான பதிலுக்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024இல் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் சொன்னது. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கு அது. ஆகவே வாக்குறுதி எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை முதல் செய்தியிலேயே புகார் எண், தேதி, பழுது, கடைசியாக அவர்கள் சொன்னது ஆகியவற்றை நாலு வரியில் எழுதி, ஊழியரிடம் இணைக்கச் சொல்லுங்கள். கார்டு எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.