ஆஸ்திரேலியர் ‘ஏ’ சொன்னால் ‘ஐ’ கேட்பது ஏன்?

ஐயெல்ட்ஸ் தேர்வின் கேட்டல் பகுதி சுமார் 30 நிமிடம் ஓடும். 40 கேள்விகள். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். பேசுகிறவர் பிரிட்டனைச் சேர்ந்தவராக இருக்கலாம்; ஆஸ்திரேலியராகவோ நியூசிலாந்துக்காரராகவோ அமெரிக்கராகவோ கனடாக்காரராகவோ இருக்கலாம். நான்கு பகுதிகளில் எளிதானது என்று பெயர் வாங்கியது முதல் பகுதி. யாரோ ஒருவர் அறை பதிவு செய்வார், இன்னொருவர் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொள்வார். உச்சரிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கேயும் மதிப்பெண்ணை விடலாம்.

ஆஸ்திரேலியர் ஒருவர் ‘பிளேக்’ என்ற தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி, எல், ஏ, கே, ஈ. நம் காதில் விழுவதோ ‘பி, எல், ஐ, கை, ஈ’ என்பதுபோல இருக்கும். மூன்றாம் எழுத்தாக ‘ஐ’ எழுதினால் விடை தவறு. எழுத்துக் கூட்டிச் சொன்ன பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மதிப்பெண் கிடையாது.

காரணம் வாயின் திறப்பில் இருக்கிறது. நாம் ‘ஏ’ சொல்லத் தொடங்குவதைவிட ஆஸ்திரேலியர் வாயை அதிகம் திறந்து தொடங்குகிறார். அதனால் அது ‘ஐ’க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அப்படியானால் அவருடைய உண்மையான ‘ஐ’ எங்கே போகும்? அதுவும் நகர்ந்து ‘ஒய்’ பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்ந்தே இடம் மாறியதால் அவர்களுக்குள் குழப்பம் வருவதில்லை. கேட்கிற நமக்கும் இதுவே பிடி. ‘ஐ’போல ஒலித்தால் அது ‘ஏ’. ‘ஒய்’யின் சாயல் தெரிந்தால் அது ‘ஐ’. கொச்சையாகப் பேசுகிறவரிடம் இந்த நகர்வு அதிகம், தேர்வுப் பதிவுகளில் பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும்.

நியூசிலாந்தில் வேறொரு வரிசை நகர்ந்திருக்கிறது. அங்கே ‘பேட்’ என்ற மட்டை ‘பெட்’போல ஒலிக்கும். ‘டென்’ என்ற பத்து ‘டின்’னை நெருங்கும். ‘சிக்ஸ்’ என்ற ஆறு ‘சக்ஸ்’போல விழும். வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த உயிரொலி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிடித்துவிட்டால், அந்த ஒலி வரும் சொற்கள் எல்லாம் சேர்ந்து பிடிபடும்.

இதைக் காதுக்கு எப்படிப் பழக்குவது? 2009-ல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று நல்ல வழி காட்டுகிறது. டச்சு மாணவர்களுக்கு ஓர் ஆஸ்திரேலிய நகைச்சுவைத் தொடரையோ ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த படம் ஒன்றையோ போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில வசனவரி, சிலருக்கு டச்சு வசனவரி, சிலருக்கு வரியே இல்லை. பிறகு அதே நடிகர்கள் பேசிய புதிய வாக்கியங்களைக் கேட்கவைத்தபோது, ஆங்கில வரியோடு பார்த்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தாய்மொழி வரி படித்தவர்களோ வரியே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். எந்த ஒலி எந்தச் சொல்லுக்கு உரியது என்று எழுத்து காட்டிக்கொடுக்கும்போது காது தன்னைத் திருத்திக்கொள்கிறது. தமிழ் வசனவரியோடு ஆங்கிலப் படம் பார்ப்பதைக் கேட்டல் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

பேச்சின் எழுத்துவடிவம் உள்ள பதிவாகத் தேர்ந்தெடுங்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத் தொகுப்புகளின் பின்பக்கத்தில் அது இருக்கும். அரை நிமிடத் துண்டு ஒன்றைக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். புரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வோர் இடத்தையும் விசாரியுங்கள். அந்த வரியைப் படித்தும் பொருள் விளங்கவில்லை என்றால் குறை சொல்லறிவில் இருக்கிறது. உச்சரிப்புப் பயிற்சி அதைத் தீர்க்காது. படித்ததும் ‘இதுவா!’ என்று பளிச்சென்று விளங்கினால் காதுக்குத்தான் வேலை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சிலமுறை கேளுங்கள். பின் தாளை மூடிவிட்டுக் கேளுங்கள்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கும் ஆசை வரும், அதைத் தவிர்ப்பது நல்லது. இயல்பான வேகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் விதம்தான் தேர்வில் வரும். மெதுவாக்கிக் கேட்ட காது அதற்குத் தயாராக இருக்காது. ஒரு பேச்சாளருக்குக் காது பழகியதும் அதே நாட்டின் இன்னொரு குரலுக்கு மாறுங்கள். அந்தப் புதிய குரலின் முதல் அரை நிமிடத்தை எழுத்துவடிவம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். காலியிடங்கள் குறைந்திருந்தால் அடுத்த நாட்டின் உச்சரிப்புக்குப் போகலாம்.