85 கிலோவில் ஆர்டர் போடுங்கள்

மளிகைக் கடையில் துவரம் பருப்பு தீர்ந்துபோனால் போவது பருப்பு வியாபாரம் மட்டுமல்ல. மாதச் சாமான் சீட்டோடு வந்தவர், பருப்பு இல்லை என்றதும் சீட்டை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவரோடு எண்ணெய், புளி, மிளகாய் வியாபாரமும் போய்விடும். இந்தப் பயத்தில் சிலர் குடோன் நிறைய மூட்டைகளை அடுக்கிவிடுகிறார்கள். அப்போது முதல் முடங்குகிறது, வண்டு பிடிக்கிறது, மொத்தக் கடையில் பாக்கி ஏறுகிறது. கையில் எவ்வளவு இருக்கும்போது ஆர்டர் போடுவது, எத்தனை மூட்டை போடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக் கடைக்காரரின் சொந்த நோட்டே போதும். ஆனால் அந்த நோட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

விற்பனையைக் குறித்து வைக்கும் கடைகள் உண்டு. பில் மெஷின் வைத்திருந்தால் அதுவே குறித்துவிடும். விடுபடுவது சரக்கு வந்து சேரும் நாள் கணக்கு. என்றைக்கு ஆர்டர் சொன்னோம், என்றைக்கு மூட்டை கடையில் இறங்கியது என்ற இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பவர்கள் குறைவு. பாதுகாப்புக்காக எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தத் தேதிகள்தான்.

கணக்குக்காக ஒரு சிறுநகர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடை. எட்டு வாரத்தில் அங்கே விற்ற துவரம் பருப்பு, கிலோவில்: 84, 62, 60, 66, 90, 64, 58, 76. மொத்தம் 560 கிலோ. வாரத்துக்குச் சராசரி 70, நாளுக்கு 10 கிலோ. பருப்பு வெளியூர் மண்டியிலிருந்து லாரி சர்வீசில் வருகிறது. கடைசி எட்டு ஆர்டர்களும் வந்து சேர எடுத்துக்கொண்ட நாட்கள்: 4, 5, 4, 6, 4, 9, 5, 3. சராசரி 5 நாள்.

ஆர்டர் சொன்ன பிறகு சராசரியாக 5 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 5 நாளில் 50 கிலோ விற்கும். அப்படியானால் 50 கிலோ இருக்கும்போது ஆர்டர் சொன்னால் போதாதா? போதாது. சராசரியை நம்பினால் ஏறக்குறைய பாதித் தடவை சரக்கு வருவதற்குள் டின் காலியாகிவிடும். அதனால் 50 கிலோவுக்கு மேல் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பாதுகாப்பு இருப்பு என்று பெயர்.

எவ்வளவு கொஞ்சம்? சுலபமான பழைய முறை ஒன்று உண்டு. அதிகம் விற்ற வாரத்தில் நாளுக்குச் சுமார் 13 கிலோ போயிருக்கிறது. அதிகம் தாமதமான ஆர்டர் 9 நாள் எடுத்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 117 கிலோ. அதில் சராசரித் தேவையான 50 கிலோவைக் கழித்தால் 67 கிலோ பாதுகாப்பு இருப்பு. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆனால் நல்ல வியாபார வாரமும் மோசமான லாரித் தாமதமும் ஒரே சமயத்தில் வரும் என்று எண்ணிப் போட்ட கணக்கு இது. அப்படி இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்காக ஆண்டு முழுவதும் மூட்டையில் பணத்தைக் கட்டி வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு முறையில் உச்சத்தைப் பார்க்காமல், எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பார்கள். இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். கையால் போட வேண்டாம். போனில் உள்ள எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் A1 முதல் A8 வரை எட்டு எண்களையும் இட்டு `=STDEV.S(A1:A8)` என்று எழுதினால் விடை வந்துவிடும். நம் கடையில் வார விற்பனைக்கு இது சுமார் 12 கிலோ. நாள் கணக்குக்கு மாற்ற 7-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 4.5 கிலோ. தாமதத்துக்கு 1.85 நாள். இப்போது இரண்டையும் சேர்க்கும் வரி இது:

```
=1.65*SQRT(5*4.5^2 + 10^2*1.85^2)
```

விடை 35 கிலோ. காத்திருக்கும் நாட்களின் 50 கிலோவோடு சேர்த்தால் 85 கிலோ. இருப்பு 85 கிலோவுக்கு இறங்கியதும் ஆர்டர் சொல்லிவிட வேண்டும். 1.65 என்ற எண், 100 ஆர்டரில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க வேண்டும் என்று நாம் வைத்துக்கொள்ளும் இலக்கைக் குறிக்கிறது. 99 தடவை வேண்டுமென்றால் அங்கே 2.33 என்று போட வேண்டும். பாதுகாப்பு இருப்பு 49 கிலோவாகும். பருப்பு, அரிசி, எண்ணெய் போல வாடிக்கையாளரையே இழுத்துக்கொண்டு போய்விடும் சரக்குக்கு 95 அல்லது 99. மெதுவாகப் போகும் சரக்குக்கு 90 போதும். அதற்குரிய எண் 1.28.

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பாருங்கள். முதல் துண்டு, வாடிக்கையாளர் கூடக் குறைய வாங்குவதால் வருவது. அது சுமார் 101. இரண்டாவது துண்டு, சரக்கு முன்பின்னாக வருவதால் வருவது; அது 342. அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சப்ளையரின் பக்கத்திலிருந்து வருகிறது. அதே 5 நாளில், ஆனால் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சரக்கு வந்தால் பாதுகாப்பு இருப்பு 17 கிலோவாகக் குறைந்துவிடும். மீதி 18 கிலோ, தாமதத்துக்காக நாம் குடோனில் கட்டும் அபராதம். மண்டி விலை கிலோ 125 ரூபாய் என்றால் இந்த ஒரே சரக்கில் 2,250 ரூபாய் முடங்கியிருக்கிறது. கடையின் மற்ற சரக்குகளுக்கும் இதே கதைதான் என்றால் மொத்தம் எங்கே போகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எனவே தாமதத்தின் எண்ணை எழுதினால் மட்டும் போதாது, காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். மண்டிக்கு லோடு வரவில்லையா? பார்சல் ஆபீசில் லாரி நிரம்பும்வரை மூட்டை காத்துக் கிடந்ததா? பண்டிகை விடுமுறையா? பழைய பில் பாக்கி இருந்ததால் மொத்தக் கடையில் சரக்கை நிறுத்தி வைத்தார்களா? கடைசிக் காரணம் அடிக்கடி வந்தால் அந்தத் தாமதம் நம்முடையது. பாக்கியைத் தேதியில் கட்டினால் நாள் கணக்கு நேராகிவிடும். ஒரு மொத்தக் கடை கிலோவுக்குக் கொஞ்சம் மலிவாகத் தந்து 3 முதல் 9 நாள் வரை இழுக்கிறது, இன்னொன்று கொஞ்சம் கூட வாங்கி 5 நாளில் தவறாமல் தருகிறது என்றால், இந்தக் குறிப்பு இல்லாமல் எது லாபம் என்று சொல்ல முடியாது.

இனி எத்தனை மூட்டை என்ற கேள்வி. அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் எழுதிய கணக்கு இன்றும் இதற்குப் பயன்படுகிறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் லாரி வாடகையும் இறக்குக் கூலியும் ஏறும். மொத்தமாக வாங்கினால் வட்டி ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு குறைவு. நம் கடைக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் மூட்டை எண்ணிக்கை எதுவானாலும் 150 ரூபாய் செலவு என்றும், பணத்துக்கு இரண்டு வட்டி என்றும் வைப்போம். 125 ரூபாய்ப் பருப்புக்கு மாதம் இரண்டரை ரூபாய், ஆண்டுக்கு 30 ரூபாய் வட்டி. ஆண்டு விற்பனை 3,640 கிலோ.

```
=SQRT(2*3640*150/30)
```

விடை 191 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய நான்கு. ஆனால் இந்த விடையைக் கிலோ சுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான்கு மூட்டையாக வாங்கினால் வாடகையும் வட்டியும் சேர்த்து ஆண்டுக்கு 5,730 ரூபாய். மூன்றாக வாங்கினால் 5,890. வித்தியாசம் 160 ரூபாய்தான். மழைக்காலத்தில் வண்டு பிடிக்கும் பயம் இருந்தால், கையில் பணம் குறைவாக இருந்தால், தயங்காமல் மூன்று மூட்டை போடலாம். எட்டு மூட்டை வாங்கினால் செலவு 7,365 ரூபாய்க்கு ஏறும். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று மண்டியில் சொல்லும்போது, ஆண்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கு தவறுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, சரக்கே இல்லாத நாட்கள். ஐந்து நாள் மட்டும் பருப்பு இருந்து 50 கிலோ விற்ற வாரத்தை 50 என்று எழுதினால் சராசரி இறங்கும். சராசரி இறங்கினால் ஆர்டர் குறையும். மறுபடியும் சரக்கு தீரும். அந்த வாரத்தை 70 என்றுதான் எழுத வேண்டும். அதேபோல் கல்யாண வீட்டுக்கு மொத்தமாகப் போன மூட்டையைத் தனியாக எழுதி, வார விற்பனையிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, வழியில் இருக்கும் சரக்கு. கையில் 60 கிலோ இருக்கிறது, லாரியில் 150 கிலோ வந்துகொண்டிருக்கிறது என்றால் இருப்பு 210 கிலோ. கை இருப்பை மட்டும் பார்த்து இன்னொரு ஆர்டர் சொல்லிவிட்டால் ஒரே வாரத்தில் இரண்டு லோடு வந்து இறங்கும்.

மூன்றாவது, முன்கூட்டியே தெரிந்த ஏற்றம். நம் எட்டு வாரத்தில் 84-ம் 90-ம் மாத முதல் வாரங்கள். சம்பளம் வந்ததும் வியாபாரம் ஏறுவது எதிர்பாராதது அல்ல. அந்த வாரத்துக்கு நாளுக்கு 12 கிலோவுக்கு மேல் போகும் என்பதால், மாதக் கடைசியில் மட்டும் 85-க்குப் பதில் 100 கிலோவிலேயே ஆர்டர் சொல்லிவிடலாம். புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன ஆண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். போன எட்டு வாரச் சராசரி அங்கே உதவாது.

இத்தனைக்குப் பிறகும் 9 நாள் தாமதம் வந்தால் 85 கிலோ, கடைசி நாள் பாதியில் தீர்ந்துவிடும். மூன்று மூட்டையாக வாங்கும் கடைக்கு ஆண்டில் 24 ஆர்டர். 95 சதவீத இலக்கில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு தடவை இப்படி நேரலாம். அது பொறுக்காது என்றால் 14 கிலோ கூட வைத்து 99-க்குப் போகலாம். அந்த 14 கிலோவுக்கு ஆண்டு வட்டி 420 ரூபாய். அந்த ஒரு நாளில் போகும் வாடிக்கையாளருக்கு அது தகுமா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல முடியும்.

எல்லாச் சரக்குக்கும் ஒரே நாளில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அதிகம் விற்கும் பத்துச் சரக்கில் தொடங்கி, மாதம் ஒரு முறை எண்களைப் புதுப்பித்தால் போதும். அடுத்த ஆர்டரிலிருந்தே சொன்ன தேதி, வந்த தேதி, தாமதத்தின் காரணம் என்ற மூன்று கட்டங்களை நோட்டில் போட்டுவிடுங்கள். எட்டு ஆர்டர் சேர்ந்ததும் உங்கள் கடைக்கான எண் உங்கள் கையில் இருக்கும்.