வயலின் வகுப்பு: மாதம் எவ்வளவு, நிமிடம் எவ்வளவு?

குழந்தையை வயலினில் சேர்க்க இரண்டு வகுப்புகளை விசாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மாதம் 1,200 ரூபாய். எட்டுப் பிள்ளைகள், ஒரு மணி நேரம். இன்னொன்றில் 2,000 ரூபாய். மூன்று பிள்ளைகள், முக்கால் மணி நேரம். இரண்டிலும் மாதத்துக்கு எட்டு வகுப்புகள். முதலாவதுதான் மலிவு என்று தோன்றும்.

ஆசிரியரின் நேரத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். முதல் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏழரை நிமிடம், மாதத்துக்கு 60 நிமிடம். நிமிடத்துக்கு 20 ரூபாய். இரண்டாவதில் 15 நிமிடம், மாதத்துக்கு 120 நிமிடம். நிமிடத்துக்கு 17 ரூபாய்கூட ஆகவில்லை.

வாய்ப்பாட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எல்லோரும் சேர்ந்து பாடுவதே பாதிப் பயிற்சி. வயலினில் வில்லைப் பிடிக்கும் கையையும் விரல் விழும் இடத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்களே சுருதி சேர்க்கவும் வராது. எட்டு வயலின் என்றால் 32 தந்திகள். வகுப்பின் தொடக்கம் அதிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது தேர்வு. மேற்கத்திய வயலின் கற்பவர்கள் பலர் எழுதும் டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வில், இனிஷியலுக்கு மேல் எட்டு கிரேடுகள். கிரேடு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அத்துடன் பாடப் புத்தகம், தேர்வில் கூட வாசிக்கும் பியானோ கலைஞருக்கான பணம், சில இடங்களில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று தனி வசூல். மாதம் 800 வீதம் மூன்று மாதம் வாங்கினாலே 2,400 ரூபாய், அதாவது முதல் வகுப்பின் இரண்டு மாதக் கட்டணம். ஆனால் கிரேடுகளை ஒவ்வொன்றாக எழுதியே ஆக வேண்டும் என்று டிரினிட்டியில் விதி இல்லை. ஆண்டுதோறும் தேர்வு கட்டாயம் என்று வகுப்பில் சொன்னால், அது அவர்கள் போட்ட விதி.

மூன்றாவது, வாத்தியம். பிள்ளை வளர வளர அரை, முக்கால், முழு அளவு என்று வயலினும் மாறும். வயதைவிடக் கையின் நீளமே முக்கியம். வயலினைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டினால், முழங்கை சற்று மடங்கிய நிலையிலேயே நுனியிலுள்ள சுருளை உள்ளங்கை பற்ற வேண்டும். கை விறைத்து நீண்டால் அளவு பெரிது. "வளர்ந்ததும் சரியாகிவிடும்" என்று பெரிதாக வாங்கினால் அதுவரை தப்பான பிடிதான் பழகும். வாடகைக்கோ, சின்னதைக் கொடுத்துப் பெரியதை மாற்றிக்கொள்ளவோ வழி இருக்கும் இடத்தில், ஒவ்வொரு அளவுக்கும் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் கடிகாரத்தோடு உட்காருங்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையின் வில்லைத் தொட்டுத் திருத்திய நிமிடங்களை எண்ணுங்கள். தேர்வு, புத்தகம், வாத்தியம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு இடங்களிலும் இப்படிச் செய்த பிறகு ஒப்பிடுங்கள்.